சாக்ஸ் காட்டுமாடு

"ஜூன் 18, புதன். காலை 7.10. மூட்டம், மழை இல்லை. காட்டுமாடு ஒன்று கேட்டுக்கு வெளியே வந்து நம் நாயைக் குத்தியது. நாய் 7.25க்கு இறந்தது. பாப்பா ஜன்னலில் நின்று பார்த்துவிட்டாள்."

அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான். எழுதாமல் விட்டவை நிறைய. கொம்பு விலாவுக்குக் கீழே இறங்கி நாயைத் தூக்கியது. எதிர்ச் சுவரில் மோதி விழுந்த நாய் எழப் பார்த்தது. மாடு திரும்பி வந்து தலையால் அதை நிலத்தோடு நிலமாக அழுத்தியது. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு மாடு அவசரமில்லாமல் இறக்கத்தில் நடந்து போனது. நாயைத் தூக்கிவர நான் கோணிச் சாக்கோடு ஓடியபோது நாய்க்கு உயிர் இருந்தது, குடல் வெளியே கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் இரண்டு சிறிய உள்ளங்கைகள் ஒட்டியிருந்தன.

மகளுக்கு அப்போது மூன்று வயது இரண்டு மாதம். அந்தக் காலையிலிருந்து அவள் பேசவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், கேட்டதற்குத் தலையசைத்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. மலைமேல் நாயுடுபுரத்து வீட்டில் பகலெல்லாம் நானும் அவளும்தான். மனைவி காலை ஆறரை மணிக்கே ஹோட்டல் வரவேற்பு வேலைக்குப் போய்விடுவாள். நான் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவன், வீட்டிலேயே வேலை.

திண்டுக்கல் டாக்டர் வற்புறுத்த வேண்டாம் என்றார். விளையாட்டில் வரும் என்றார். இரண்டு வாரத்தில் வராவிட்டால் மதுரைக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.

பொம்மலாட்டம் பற்றி இரண்டு நாள் படித்துவிட்டு சாக்ஸ் பொம்மைகள் செய்தேன். நாய்க்குப் பழுப்பு சாக்ஸ். காட்டுமாட்டுக்கு என் கறுப்புக் கம்பளி சாக்ஸ். கையை உள்ளே விட்டு, நான்கு விரல் மேலேயும் கட்டைவிரல் கீழேயுமாகப் பிடித்து, நுனியை நடுவில் அமுக்கினால் வாய் எங்கே என்று தெரியும். அந்த மடிப்பில் வெட்டி, நீள்வட்ட அட்டையை இரண்டாக மடித்துச் சிவப்புத் துணி சுற்றி, வாயாக வைத்துத் தைத்தேன். கண்ணுக்குப் பொத்தான் வைக்கவில்லை, பிய்த்து விழுங்கிவிடுவாள். நூலாலேயே போட்டேன். கொம்புக்குச் சாம்பல் துணியில் பஞ்சு திணித்தேன். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே போர்வை கட்டினால் மேடை. பின்னால் தரையில் உட்கார்ந்து கையை மட்டும் தூக்க வேண்டும். ஒவ்வொரு அசைக்கும் வாய் திறக்க வேண்டும். மூடினால் பொம்மை சொல்லைக் கடித்துத் தின்பதுபோல இருக்கும். மூன்று வயதுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது.

சனிக்கிழமை முதல் ஆட்டம். மாடும் நாயும் ஆளுக்குப் பாதியாக ஒரு கேரட்டைத் தின்று நண்பர்களாகின. பாப்பா எழுந்தாள், போர்வையைச் சுற்றி வந்தாள், மாடு இருந்த என் கையைக் கடித்தாள். கம்பளியைத் தாண்டிப் பல் இறங்கியது. ரத்தம் வந்தது.

பொய் சொன்னதால் கோபம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை நடந்ததையே காட்டினேன். மாடு தானாக வந்தது, குத்தியது, நாய் விழுந்தது. அவள் என் கையிலிருந்து மாட்டை உருவினாள். முழங்கைவரை மாட்டிக்கொண்டு, நாயை நாற்காலிக் காலில் அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். தையல் விட்டது. பிறகு இரண்டையும் எறிந்துவிட்டு என் முகத்தில் குத்தினாள். மூக்கில், கண்ணில். ஒரு சத்தமும் இல்லாமல். அந்த மௌனம்தான் பயமுறுத்தியது.

செவ்வாய், புதன், வியாழன், தினமும் இதே ஆட்டம், இதே அடி. என் உதடு கிழிந்ததை மனைவி பார்த்தாள்.

"என்னங்க இது? புள்ளைக்குக் கொலைய நாடகமாப் போட்டுக் காட்டிக்கிட்டு இருக்கீகளா?"

"உள்ள இருக்குறது வெளிய வரட்டும்னு டாக்டரே சொன்னாரு."

"வெளிய வருது, உங்க மூக்கு வழியா. அந்தக் கறுப்புச் சனியன அடுப்புல போடுங்க."

நான் போடவில்லை. நாயை மறுபடி தைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய், மனைவிக்கு விடுப்பு. ஆட்டம் எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று அவளும் பாய் விரித்து உட்கார்ந்தாள். நான் இரண்டு கைகளையும் தூக்குவதற்குள் பாப்பா எழுந்து உள்ளே போனாள். துவைத்த துணியிலிருந்து என் சாம்பல் நிற சாக்ஸ் ஒன்றை எடுத்துவந்து, என் வலக்கை நாயைக் கழற்றிவிட்டு, அதை மாட்டிவிட்டாள். மறுபடி போனாள். சமையலறையிலிருந்து ஒரு முழு மலைப்பூண்டைக் கொண்டுவந்து, அந்த சாக்ஸின் நுனியை வாய்போல அமுக்கி அதில் திணித்தாள். திரும்பிப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

அந்த சாக்ஸ் யார், பூண்டு எது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

இந்த மலையில் காட்டுமாட்டைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சத்தம் போடாமல் உள்ளே போய்விட வேண்டும். அன்று காலை மாடு எங்கள் வேலியோரச் செடியைத்தான் மேய்ந்துகொண்டிருந்தது. நாய் குரைத்துக்கொண்டு நின்றது. செடி போகிறதே என்ற ஆத்திரத்தில் பாதிச் செங்கல்லை எடுத்தேன். எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து கத்தினார்: "அண்ணே, கல்ல எறிஞ்சுறாதீங்க! வெரசா உள்ள போங்க!" எறிந்தேன். மாடு திரும்பியது. அதற்கு நேர் எதிரே நாய்.

மாடு தானாகப் பாய்ந்தது என்றுதான் மனைவியிடம் சொல்லியிருந்தேன். நாட்குறிப்பிலும் கல் இல்லை. எந்த ஆட்டத்திலும் கல் இல்லை.

மனைவி போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூண்டைக் கீழே போட்டுவிட்டு வேறு கதை சொல்லியிருக்கலாம். வலக்கை சாக்ஸைத் தூக்கினேன். அதன் வாயைத் திறந்து, பூண்டை மாட்டின்மேல் எறிந்தேன்.

"அப்பா," என்றாள் மகள். பதின்மூன்று நாளுக்குப் பிறகு அந்தக் குரல் கரகரத்தது. "அப்பா கல்லு எறிஞ்சுச்சு. மாடு கோவிச்சுக்கிச்சு. நாய்க்கு வலிச்சுச்சு."

ஓடிவந்து மாட்டை மாட்டிக்கொண்டாள். இந்த முறை நாயை விட்டுவிட்டாள். சாம்பல் சாக்ஸை என் கையோடு சேர்த்து அடித்தாள், கடித்தாள், "கெட்ட அப்பா, கெட்ட அப்பா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் களைத்து என் மடியிலேயே விழுந்து அழுதாள். அன்றுதான் முதன்முதலாக அழுதாள்.

மனைவி போர்வையை இழுத்து எறிந்தாள். ஒரு நாற்காலி சாய்ந்தது.

"நெசமாங்க?"

"ஆமா."

பூண்டை எடுத்து என் நெஞ்சில் எறிந்தாள். பல்பல்லாக உதிரும் அளவுக்கு வேகம்.

"பதிமூணு நாளு புள்ள வாயத் தொறக்கல. நீங்க தொறந்துருக்கலாம்ல?"

என் மடியிலிருந்து பாப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மதுரைக்குப் போகவேண்டிய தேவை வரவில்லை. மறுநாளே மகள் தண்ணீர் கேட்டாள், கதை கேட்டாள், நாயை எங்கே புதைத்தோம் என்று கேட்டாள். மனைவி என்னோடு பேச மேலும் ஒன்பது நாள் ஆனது. ஆட்டம் இன்றும் நடக்கிறது. சாம்பல் சாக்ஸ் கல் எறிகிறது, மாடு அதைப் புரட்டி எடுக்கிறது, நாய் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்படித்தான் நடக்க வேண்டும் என்பது அவள் கட்டளை.

ஜூன் 18ஆம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில் கல்லைச் சேர்த்து எழுதினேன். அது போய் விழுந்த இடத்தை எழுத முடியவில்லை. மாட்டின் மூஞ்சியில் பட்டது என்கிறாள் மகள். சாக்கடையில்தான் விழுந்தது, மாடு திரும்பியது குரைப்புக்கு என்கிறார் எதிர்வீட்டு அம்மா. எறிந்த நான் அந்த நொடியில் கண்ணை மூடியிருந்தேன். கல் மாட்டின்மேல் பட்டதா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.