பத்து குவிண்டல் அரிசி

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ரெங்கசாமி அரிசிக் காம்பராவை, அதாவது சாமான் அறையை, பார்த்துக்கொண்டிருந்தான். வருகிற மூட்டையை எண்ணி அடுக்குவான். கிளாக்கர் சொல்கிற அளவை ஆளுக்கு அளந்து போடுவான். ஒரு கைப்பிடி கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான்.

பதுளை வியாபாரி புவாத்தின் பில்லைக் கிளாக்கர் கணக்கில் ஏற்றுவார். கம்பளி நாலு டசன், நாற்பத்தெட்டு. ரங்கூன் அரிசி இருபது மூட்டை, மூட்டைக்கு நூற்று அறுபத்து நாலு இறாத்தல். அதுவரை சரிதான். அந்த மாதம் புதுசாக ஒரு வரி இருந்தது: சைகோன் அரிசி, பத்து குவிண்டல். குவிண்டல் என்றால் அந்தர்தானே என்று கிளாக்கர் மேதாவி நினைத்துக்கொண்டார். அந்தருக்கு நூற்றுப் பன்னிரண்டு. ஆயிரத்து நூற்று இருபது இறாத்தல் என்று எழுதிவிட்டார். வியாபாரியை ஒரு வார்த்தை கேட்டால் குடியா முழுகிவிடும்?

மாதக் கடைசியில் தோட்டத்துத் துரை இருப்பை நிறுத்துப் பார்த்தார். கணக்கைவிட ஆயிரத்து எண்பத்து நாலு இறாத்தல் கூடுதல்.

"கூடுதல்னா, ஆளுங்களுக்குக் குறைச்சு அளந்திருக்கான்," என்றார் கிளாக்கர், கொஞ்சமும் கூசாமல்.

காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் எல்லாம் கூடி நிற்கையில், துரை அதைச் சத்தமாகவே சொன்னார். சனம் பசியில் இருந்தது. ரெங்கசாமியை இழுத்துப்போய், வலது கையைத் தரையில் வைத்து, அவன் அளந்த மரப்படியாலேயே நசுக்கினார்கள். பாவிகள், அவனோடு ஒரே லயத்தில் குடியிருந்தவர்கள்! தோட்டத்தைவிட்டுத் துரத்தினார்கள். துண்டும் கொடுக்கவில்லை, அந்தச் சீட்டு இல்லாமல் எந்தத் தோட்டத்திலும் வேலை கிடைக்காது.

எடுபிடி வேலையாவது கேட்கலாமென்று அவன் புவாத்தின் கடைக்கு நடந்து போனான். நடந்ததைக் கேட்ட புவாத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! அது பிரெஞ்சுக்காரன் துறைமுகத்துச் சரக்கு. அவன் குவிண்டல் நூறு கிலோ, இருநூத்தி இருபது இறாத்தலுக்கு மேல. பத்துக்கு ரெண்டாயிரத்து இருநூத்தி நாலு. அந்தர்னு எவன் சொன்னான்?"

அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு ரெங்கசாமி திரும்பி ஓடினான். துண்டு கிடைத்துவிடும், பெரட்டில் தன்னைக் கள்ளனில்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று நம்பினான்.

கிளாக்கர் படித்தார். பழைய எண்ணை அடித்து, மேலே புதிய எண்ணை எழுதினார்.

"சரியாப் போச்சு. கணக்கு இப்ப நேராயிடுச்சு."

"அப்ப என் துண்டு, ஐயா? பெரட்டுல ஒரு வார்த்தை..."

"தொரை சொன்னதைத் தொரை மாத்துவாரா? காம்பராவுக்கு வேற ஆளும் போட்டாச்சு." கிளாக்கர் மைப்பெட்டியைத் தள்ளினார். "திருத்தினதுக்குச் சாட்சி வேணும். இதுல பெருவிரல வை."

ரெங்கசாமி துணி சுற்றிய வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

"இடது போதும்," என்றார் கிளாக்கர்.