பெரிய பார்ட்டிக்கு டூ

"ஞானம், இதை முதல்ல பழகிக்கோ. லோக்கல் பார்ட்டிக்கு 'வெரி ஹேப்பி'. வெளிமாநிலத்துக்கு 'ஸோ ஹேப்பி'. துபாய், லண்டன்னா 'டூ ஹேப்பி'."

"ஏங்க்கா?"

"அண்ணாச்சி கணக்கு அப்படி. பெரிய பார்ட்டிக்குப் பெரிய சந்தோசம்."

"டூன்னா அளவுக்கு மீறினதுன்னுல்ல அர்த்தம்? 'டூ ஹேப்பி டு ஜாயின்'னு எழுதினா, சந்தோசம் தாங்காம சேரவே முடியலைன்னு ஆயிரும்."

"தெரியும். லண்டன்காரன் நமக்கு எழுதுறதைப் பாத்திருக்கேன். ஒருநாளும் டூ ஹேப்பின்னு எழுதினதில்லை. 'வெரி'தான்."

"அண்ணாச்சிகிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னேனே. 'ஆர்டர் வருதா இல்லையா? தப்புன்னா எப்படித்தா வரும்?'னு கேட்டாக. வருதுதானே! அவனுக்கு ரேட்டும் தேதியும் தெரிஞ்சாப் போதும். நம்ம சந்தோசத்தை எவன் அளந்து பாக்கான்?"

சிவகாசியில் லேபிளும் காலண்டரும் அச்சடிக்கும் அந்த அலுவலகத்தில் நான் சேர்ந்த அன்று ருக்சானா அக்கா சொன்னவை இவை. 2005ஆம் ஆண்டு. லேபிள்களில் எழுத்துப்பிழை பார்ப்பது என் வேலை. வெளியே போகும் மெயில்களை எழுதுவது அக்காவின் வேலை. விருதுநகரிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். ஆமத்தூர் தாண்டும்வரை பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வரவேண்டும். வந்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு கம்ப்யூட்டரை இயக்குவார்.

அண்ணாச்சி என்பது முதலாளி சங்கிலிமுத்து. வெடிக்கட்டுகளுக்கு லேபிள் ஒட்டும் வேலையில் தொடங்கி, சொந்த அச்சகம் போட்டவர். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். எந்த மெயிலும் அவர் பார்க்காமல் போகாது. அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையில் விரலை ஓட்டுவார். டூ இருக்கவேண்டிய இடத்தில் டூ இருக்கிறதா என்பதுதான் அவருடைய சோதனை. மெயிலின் கீழே சொன்னவர், அடித்தவர் இருவரின் பெயர்களின் முதலெழுத்துகளையும் போடவேண்டும் என்பது இன்னொரு சட்டம். தவறு வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியவேண்டும் என்பார். ஒவ்வொரு மெயிலின் அடியிலும் அவருடைய எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப்பக்கம் அக்காவின் எழுத்துகள்.

அக்கா தமிழ்வழியில் பி.காம் படித்தவர். ஆங்கிலத்தை வந்த மெயில்களிலிருந்தே கற்றுக்கொண்டார். மதியம் சாப்பிடும்போது என்னிடம் சந்தேகம் கேட்பார். ஸோ எங்கே வரும், சச் எங்கே வரும் என்று ஒருமுறை கேட்டார். குட் மட்டும் நின்றால் ஸோ குட், பின்னால் கேர்ள் வந்துவிட்டால் சச் எ குட் கேர்ள் என்றேன். அடுத்த வாரம் சோதித்துப் பார்த்தேன். தடுமாறவே இல்லை.

சென்னையில் ஒரு ஏற்றுமதி நிறுவனம் கடிதப் போக்குவரத்துக்கு ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்திருந்தது. அக்கா விண்ணப்பித்தார். வீட்டில் அவருடைய வாப்பா மீரான் மைதீன், விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தவர், இரண்டு நிபந்தனைகள் போட்டார். ராயபுரத்தில் மாமி வீட்டில் தங்கவேண்டும். முதலாளி மனசார அனுப்பவேண்டும். "இந்தத் தடவை அமையலைன்னா மாமா மகனுக்குப் பேசி முடிச்சிருவேன், பாத்துக்கோ" என்றும் சொல்லிவிட்டார். அந்த மாமா மகனைப் பற்றி அக்கா என்னிடம் பேசியதில்லை. பேச்சு அந்தப்பக்கம் போனால் டிபன் பாக்ஸை மூடிவிடுவார்.

விண்ணப்பத்தை அக்கா தானே எழுதினார். அதில் வெரி ஹேப்பி என்று இருந்தது. சச் எ குட் ஆப்பர்ச்சூனிட்டி என்று இருந்தது. நான் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. சென்னையிலிருந்து போன் வந்தது, எழுத்து பிடித்திருக்கிறது என்றார்கள். இப்போது வேலைசெய்யும் இடத்திலிருந்து, அந்த அலுவலக மெயிலிலேயே, ஒரு நற்சான்று வேண்டும். அது வந்துவிட்டால் சேரலாம்.

அண்ணாச்சி கோபப்படுவார் என்று பயந்துதான் அக்கா விஷயத்தைச் சொன்னார். அண்ணாச்சி கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடியைத் துடைத்தார்.

"போறியாத்தா? சரி, போ. எம்புட்டு நாளைக்கு இங்கனயே கெடப்ப? நான் சொல்றேன், அடி. எம் புள்ளைக்கு எழுதுற மாதிரி எழுதணும்."

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அண்ணாச்சி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று சொல்ல ஆரம்பித்ததும் அது மாறியதையும் பார்த்தேன்.

"ருக்சானா இஸ் டூ குட். அடிச்சியா? ஷீ இஸ் ஸோ குட் கேர்ள். ஐ ஆம் டூ ஹேப்பி டு சென்ட் ஹெர்."

அக்காவின் விரல்கள் நின்றன.

"அண்ணாச்சி, வெரி குட்னு போட்டாப் போதும்."

"என்னது, வெரியா? சாத்தூர் கடைக்காரனுக்குப் போடுறதை ஒனக்குப் போடவா?"

"இல்ல அண்ணாச்சி, அவுக வேற மாதிரி எடுத்துக்கிருவாக..."

"என்ன எடுத்துக்கிருவாக? எனக்கு ஒன்மேல மதிப்பு இல்லைன்னு நெனச்சிட்டியா? லண்டன்காரனுக்கே டூ போடுறவன் நான். ஒனக்குக் குறைச்சா நாளைக்கு ஒங்க வாப்பா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

நான் எழுந்தேன். "அண்ணாச்சி, ஸோ வர்ற எடத்துல சச் எ..." என்று ஆரம்பித்தேன்.

"நீ ஒன் லேபிளைப் பாரு. போனவாரம் குருவி வெடிக்குக் கொக்கு படத்தை விட்டவ, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா."

அச்சு மெஷின் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். அக்கா அடித்து முடித்தார். கீழே இருவரின் முதலெழுத்துகளையும் போட்டார். அண்ணாச்சி விரலால் தடவி ஒவ்வொரு டூவையும் பார்த்துவிட்டு, "இப்ப அனுப்பு" என்றார். அக்கா அனுப்பினார். அதோடு நிற்காமல், அண்ணாச்சி அப்போதே மீரான் மைதீனுக்குப் போன் போட்டு, ஒங்க மகளுக்கு லண்டன் பார்ட்டி மரியாதை செஞ்சிருக்கேன் என்றார். அதற்குமேல் இன்னொரு சான்று கேட்க அக்காவுக்கு வழியில்லை.

சில நாளில் பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். நற்சான்றை ஆங்கிலத்தில் எழுதி அடித்தவர் நீங்கள்தான் என்று கீழே உள்ள முதலெழுத்துகளிலிருந்து தெரிகிறது. அதன் ஆங்கிலத்தையும் விண்ணப்பத்தின் ஆங்கிலத்தையும் பார்த்தால் விண்ணப்பத்தை வேறு யாரோ எழுதிக்கொடுத்ததாகத் தோன்றுகிறது. ஆகவே மேலே தொடர இயலவில்லை.

அண்ணாச்சி வந்து நின்றார். "என்ன போட்டிருக்கான்?"

"எடம் நெறஞ்சிருச்சாம் அண்ணாச்சி."

"கொடுத்துவைக்காத பயலுக. விடு. அடுத்த சீசனுக்கு ஒனக்குத் தனி ரூம் போட்டுத் தாரேன், ஏசி வச்சு."

அக்கா சரி என்றார். அடுத்து துபாய்க்கு ஒரு மெயில் அடிக்க வேண்டியிருந்தது. டூ ஹேப்பி என்று தொடங்கினார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. மாலையில் பஸ் ஸ்டாண்டில், வெயிலில் காய்ந்த வத்தல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் விருதுநகர் பஸ்ஸுக்காக நின்றபோது சொன்னேன். நான் சென்னைக்கு எழுதுகிறேன், அண்ணாச்சி சொல்லச் சொல்ல அடித்தது என்று விளக்குகிறேன், அண்ணாச்சியிடமும் நேரே கேட்கிறேன் என்றேன். பஸ் வந்துவிட்டது. கூட்டம் அதிகம். அக்கா ஏறாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதிறாத ஞானம். எழுதினா அண்ணாச்சிக்குத் தெரிஞ்சிரும். என்னால ஒங்க பொண்ணுக்கு இப்படி ஆயிருச்சேன்னு வாப்பாகிட்ட அவுகளே போய் நிப்பாக. வாப்பாவுக்குச் சங்கடம், அவுகளுக்குக் கேவலம். எனக்கு நல்லது செஞ்சதா நெனச்சுக்கிட்டிருக்காக, அப்படியே நெனச்சுக்கிடட்டும். நான் எழுதின இங்கிலீஸ் மட்டம்னே இருக்கட்டும். எனக்காக இது ஒண்ணு செய்வியா?"