இரவு டூட்டிக்கு மறுநாள்

அறுபதுகளில் பம்பாய் செம்பூரில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையின் பெண்கள் வார்டில் நர்ஸாக இருந்தேன். வாயாடி என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற நானும் தவறியதில்லை. வார்டு சிஸ்டர் நீண்ட விடுப்பில் போனதும் மாத டூட்டி அட்டவணை போடும் வேலை என் தலையில் விழுந்தது.

அதே வாரம், தாராவியிலிருந்து வரும், அதே வார்டில் நர்ஸான என் தோழி, ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டே, "வேலைய விடப்போறேன்க்கா" என்றாள். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் பெண். இரண்டு வயதில் ஒரு மகன்.

"ஒரு வாரம் நைட் பாத்துட்டு வீட்டுக்குப் போனா விழுந்து தூங்குதேன். அந்த நாளையே வார லீவுன்னு எழுதிடுதாவ. மறுநா காலையில திரும்பவும் டூட்டி. எம் புள்ளைக்கு உம்மான்னா தூங்குற ஆளுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் ஏமாந்துகொண்டிருந்தோம்.

"ஒரு மாசம் பொறுடீ. அதுக்கப்புறம் எங்க வேணா போ" என்றேன்.

மாட்டுங்காவில் எங்கள் ஒற்றை அறையில், காய்கறி நறுக்கும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு கட்டம் போட்டேன். இரவு வாரம் முடிந்த காலை தூங்குவதற்கு. ஓய்வு நாள் அதற்கு அடுத்த நாள். அப்படிப் போட்டால் வாரநாளில் ஒரு ஆள் குறைந்து இடித்தது. எத்தனை முறை அழித்து எழுதினாலும் இடித்தது. பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை கண்ணில் பட்டது. அன்று ஆபரேஷன் கிடையாது. ஆனாலும் வழக்கப்படி காலையில் மூன்று பேர். இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆளின் வார ஓய்வை ஞாயிற்றுக்கு மாற்றினால், வாரநாளில் அவள் வேலைக்கு வருவாள், ஓட்டை அடைபடும். அந்த ஞாயிறும் ஒருத்திக்கே போகாமல் முறை வைத்துச் சுற்றிவரச் செய்தேன்.

அட்டவணையைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் சிவப்புப் பென்சிலை எடுத்தார். "நைட் முடிந்ததும் இரண்டு நாள் விடுமுறையா? யாரைக் கேட்டுப் போட்டாய்?"

"நடுராத்திரிக்கு மேல் தேதி மாறிவிடுகிறது, மேடம். அந்தத் தேதியில் காலைவரை அவள் வார்டில் வேலை பார்க்கிறாள். வேலை பார்த்த நாள் எப்படி விடுமுறை ஆகும்?"

அவர் பென்சிலைப் பிடித்தபடியே கட்டங்களை வரிவரியாகப் பார்த்தார். "ஒரு நாள் ஆள் குறைந்தாலும் நீதான் வந்து நிற்க வேண்டும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். படிகளில் குதித்து இறங்கினேன். நர்ஸ் குதிக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும்.

அந்த மாதம் ஒரு நாளும் ஆள் குறையவில்லை. தோழி தன் இரவு வாரத்தை முடித்து, தூங்கி எழுந்து, மறுநாள் முழுவதும் மகனோடு இருந்துவிட்டு வேலைக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னிக்கு நான் கெளம்பும்போது சேலையப் பிடிச்சிக்கிட்டு விடமாட்டேங்கான்க்கா. ஒரே அழுகை. இதுக்கு முன்ன ஒரு நாளும் அழுததில்ல."