தென்மேற்கு மூலை

ஸ்வீட்லினுக்குக் கணக்கு பிசகினால் தூக்கம் வராது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் மருந்தளவை இரண்டு தடவை சரிபார்த்துப் பழகியவள். ஓய்வு பெற்றதும் வள்ளியூர்ப் பக்கம் ஏற்கெனவே வாங்கிப்போட்டிருந்த மனையில் வீடு கட்டத் தொடங்கினாள். அங்கே கணக்கு பிசகியது.

வரைபடம் போட வந்த இன்ஜினியர், செயற்கைக்கோள் அளவைக் கருவியை வேலியின் நாலு மூலையிலும் நிறுத்தி அளந்தார். பட்டாவில் பத்து சென்ட். அளவில் அரை சென்ட்டுக்கு மேலே கூடுதல்.

"கூடத்தானக்கா இருக்கு! பேசாம வீட்டக் கட்டு," என்றான் தம்பி பாக்கியசீலன்.

"கூடுனது யாரோடதுலே? அது தெரியாம எப்படிக் கடக்கால் தோண்ட?"

அன்றைக்கே வட்டாட்சியருக்கு எழுதினாள்: 'எனது மனையின் நான்கு மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை இணைத்துள்ளேன். தென்மேற்கு மூலை: 8.384127 வடக்கு, 77.612853 கிழக்கு. அங்கு எல்லைக்கல் காணப்படவில்லை. பரப்பு பட்டாவைவிடக் கூடுதலாக வருவதால், எல்லையை அளந்து காட்ட வேண்டுகிறேன்.' கட்டணம் கட்டிய சலானும் பட்டா நகலும் சேர்த்துக் கொடுத்தாள்.

பக்கத்து மனைக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது. மேற்கே வாழை போட்டிருந்த இசக்கிமுருகன் அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்துவிட்டார்.

"என்ன சிஸ்டர், எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஆபீஸுக்குப் போயிட்டிய? எம் மண்ணுல ஒரு பிடி வேணுமா?"

"இல்ல அண்ணாச்சி. உங்க மண்ணு எங்கிட்ட இருக்கோன்னு பாக்கத்தான்."

அவர் நம்பவில்லை. அளக்கிற அன்றைக்கு இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

சர்வேயர் பெண்மணி அந்தக் கடுதாசியைப் பார்த்துவிட்டு, "இந்த எண்ணெல்லாம் இப்ப வேலி எங்கன நிக்குதுன்னு சரியாச் சொல்லுது. ஆனா எல்லை எங்கேன்னு சர்வே ஆபீஸ்ல இருக்க புலப்படந்தாம்மா சொல்லணும்," என்றார். இருந்த கற்களிலிருந்து நாடா பிடித்து, படத்து அளவுப்படி ஓர் இடத்தைக் காட்டினார். மண்வெட்டி போட்டதும் 'டங்'கென்றது. செம்மண்ணுக்குள் புதைந்து கிடந்தது பழைய எல்லைக்கல், வேலிக்கு உள்ளே, ஸ்வீட்லின் பக்கம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே தள்ளி. மற்ற மூன்று மூலையும் சரி. தெற்கே போகப்போக வேலி மேற்கே சாய்ந்துவிட்டிருந்தது. முன்னால் மனையை வைத்திருந்தவர் கல் தெரியாமல் போட்டது.

இசக்கிமுருகன் கல்லையும் பார்த்தார், ஸ்வீட்லினையும் பார்த்தார். கூட வந்தவர்களைப் பார்த்து, "ஏலே, நீங்க போங்க," என்றார். "நானும் இத்தன வருசமா இதத்தான் எல்லைன்னு நெனச்சிருக்கேன் சிஸ்டர். நீங்க சொல்லலன்னா எனக்கு எங்கன தெரியப்போவுது?"

ஸ்வீட்லினுக்கு மனசு லேசாயிருந்தது. இன்ஜினியரைக் கூப்பிட்டு, ஸ்டோர் ரூமைக் குறுக்கச் சொன்னாள். மறுவாரம் வேலியை மாற்றிப் போட்டபோது கம்பியை ஒரு முனையில் இசக்கிமுருகனும் மறுமுனையில் பாக்கியசீலனும் இழுத்துப் பிடித்தார்கள்.

"பைய இழுங்க வே," என்றார் இசக்கிமுருகன். "எங்க சிஸ்டருக்கு ஒரு விரக்கட தள்ளுனாலும் ஆகாது."

அவள் பிளாஸ்கில் கொண்டுவந்திருந்த டீயை எடுக்கத் திரும்பினாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.