மனசுல ஒரு கட்டம், வெளியில ஒரு கட்டம்

எங்கள் விளம்பர அலுவலகத்தில் ஐஸ் அக்காவைப் போல அமைதியான பொம்பளையைப் பார்க்க முடியாது என்று வெளியாட்கள் சொல்வார்கள். ஐஸ் என்ற பேரே அப்படி வந்ததுதான். வெளியாட்கள் என்னத்தைக் கண்டார்கள்! பத்து வருஷமாக அவளுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து படம் போடுகிறவன் நான். காலையில் லிஃப்ட் மேலே வரும்போதே அவள் குரல் வந்துவிடும். லிஃப்ட்டைத் திட்டிக்கொண்டேதான் வருவாள்.

அவளுடைய வேலை, வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் இணையப் பக்கத்தில் ஜனங்கள் எழுதும் கமெண்ட்டுகளுக்குப் பதில் போடுவது. கேட்டால் சின்ன வேலையாகத் தெரியும். ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசுவோம். "உங்க மெஷின் சத்தம் போட்டுக்கிட்டே நடந்து ஹாலுக்கு வந்துடுச்சு" என்று ஒருத்தர் எழுதுவார். "திருட்டுக் கும்பல்" என்று இன்னொருத்தர் எழுதுவார். அந்த இன்னொருத்தர் எங்கள் மெஷினை வாங்கியிருக்கவே மாட்டார்.

அக்காவிடம் சில சட்டங்கள் உண்டு. ஒருத்தர் எழுதினால் அரை மணிக்குள் பதில் போக வேண்டும். பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒரே பதிலை நாலு பேருக்கு ஒட்டக்கூடாது, பார்க்கிறவனுக்கு மெஷின் பேசுவது போலிருக்கும். முதலில் வருத்தம், அப்புறம் என்ன செய்யப்போகிறோம் என்பது, அப்புறம் மெசேஜில் வரச் சொல்வது. போன் நம்பரைப் பொதுவில் கேட்கக்கூடாது. கெட்ட வார்த்தை என்றால் மறைத்துவிடலாம், ஆனால் புகாரை ஒரு நாளும் மறைக்கக்கூடாது. வம்புக்கு வருகிறவனிடம் வாயே திறக்கக்கூடாது. வாதாடுவது? அதை அவள் பாவக் கணக்கில் வைத்திருந்தாள்.

"எப்படிக்கா உனக்குக் கோபமே வராம இருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யாருக்குடா வரல? முதல்ல திட்டிடுவேன். அப்புறம்தான் எழுதுவேன்."

அப்போதுதான் காட்டினாள். கமெண்ட்டுகளைக் குறித்துவைக்கும் அவளுடைய ஷீட்டில், ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்றுக்குத் தலைப்பு 'மனசுல'. இன்னொன்றுக்கு 'வெளியில'. மனசுல கட்டத்தில் ஆசை தீரத் திட்டி எழுதுவாள். பிறகு அந்தக் கட்டத்தை மறைத்துவிட்டு, வெளியில கட்டத்தில் தேன் ஒழுக எழுதுவாள். அதை மட்டும்தான் பக்கத்தில் ஒட்டுவாள். வீட்டுக்காரர், மாமியார், பக்கத்து வீட்டு நாய், யார் மீது வந்த கோபமாக இருந்தாலும் அந்தக் கட்டத்தில்தான் கொட்டுவாள். எனக்கு மட்டும் கட்டம் கிடையாது. "எருமை, இந்தப் படத்துல எழுத்து எங்கடா இருக்கு, கூடவே பூதக்கண்ணாடியும் கொடுத்து அனுப்புவியா?" என்று நேராகவே வாங்கிக்கட்டிக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு கர்வம்கூட உண்டு.

அந்த வருஷப் பண்டிகைக்கு முந்தைய வாரம் முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். மெஷின் கம்பெனியின் விளம்பர மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தாராம். போன வருஷம் வேறொரு கம்பெனியின் பண்டிகை வாழ்த்துக்குக் கீழே சண்டை மூண்டு ஊரே சிரித்தது. நம் பக்கத்தில் அப்படி ஒன்று நடந்தால், எழுதின ஆள் அன்றைக்கே அந்த வேலையிலிருந்து விலக வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு கம்பெனி வேலைதான். அதிலிருந்து விலகினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டிலோ வருமானம் அவள் சம்பளம் ஒன்றுதான். வீட்டுக்காரர் வேலையைவிட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

பண்டிகை வாழ்த்துப் படம் நான் போட்டது. புதுத்துணி போட்ட குடும்பம் ஒன்று வாஷிங் மெஷினைச் சுற்றி நின்று சிரிக்கும். பண்டிகை நாளில் யார் மெஷினைச் சுற்றி நின்று சிரிப்பார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். மேனேஜர் கேட்டார், போட்டேன்.

காலை ஏழு மணிக்குப் படம் ஏறியது. அக்கா புதுப்புடவையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு மணிக்குள் எண்பது கமெண்ட். அவற்றில் பதினொன்று ஒரே ஆள் போட்டது. முகப்புப் படத்தில் பெரிய மீசை வைத்திருந்ததால் நாங்கள் அவருக்கு மீசைக்காரர் என்று பேர் வைத்தோம். "பத்து நாளா மெஷின் ஓடல. சர்வீஸ் ஆள் மூணு தடவை தேதி கொடுத்து வரல. பக்கெட் நிறையத் துணி. வாழ்த்தாம் வாழ்த்து! வெட்கமா இல்ல?" என்று ஆரம்பித்தவர் ஓயவே இல்லை. முதல் கமெண்ட்டுக்கு அரை மணிக்குள், புகாரைப் பார்த்துவிட்டோம், விசாரித்துச் சொல்கிறோம் என்று அக்கா எழுதியிருந்தாள். அதற்கு மேல், சர்வீஸ் பிரிவு உறுதியாக நேரம் சொல்லாமல் எழுதமாட்டேன் என்று நிறுத்திவைத்திருந்தாள்.

வீட்டிலிருந்து நாலாவது போன் வந்தது. நாத்தனார் குடும்பம் வந்து இலை போடக் காத்திருக்கிறதாம்.

"டேய், ரெண்டு மணி நேரம் பாத்துக்க. நிறுத்தி வச்ச பதில் நாலு இருக்கு. சர்வீஸ்ல இருந்து நேரம் வந்ததும் அதைச் சேர்த்து ஒட்டு. சொந்தமா ஒரு எழுத்து எழுதாத, தெரிஞ்சுதா? எழுதினா கையை ஒடிச்சிடுவேன்."

"போக்கா, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

சின்னப் பிள்ளையாக இருந்திருந்தால் தேவலை. அவள் போனதும் எனக்கு அரிப்பு. மீசைக்காரரை மனசுல என்னவென்று திட்டியிருப்பாள்? மறைத்திருந்த கட்டங்களைத் திறந்தேன். படித்துப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து சர்வீஸ் பிரிவிலிருந்து செய்தி வந்தது: முதல் மூன்று புகாருக்கும் நாளை காலை, மீசைக்காரருக்கு இன்னும் தெரியவில்லை. சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நேரம் வராத மீசைக்காரருக்கான நாலாவதையும் பழக்க வேகத்தில் ஒட்டிவிட்டேன். கட்டம் மாறிவிட்டது.

கம்பெனியின் பேரில், கம்பெனியின் சின்னத்தோடு, சிரிக்கும் குடும்பத்துக்குக் கீழே இது போய் உட்கார்ந்தது:

"வெட்கமாத்தான்யா இருக்கு. அந்த சர்வீஸ் ஆள் எனக்கும்தான் டிமிக்கி கொடுக்கிறான். அதுக்காகக் காலையில இருந்து பதினோரு கமெண்ட் போட்டா மெஷின் தானா ஓடிடுமா? அந்த நேரத்துக்கு ரெண்டு பக்கெட் துணியைக் கையால அலசியிருக்கலாம். கை என்ன தேஞ்சா போயிடும்?"

நான் பார்த்தபோது அறுபது பேர் சிரித்திருந்தார்கள். உடனே அதை அழித்தேன். அது இரண்டாவது முட்டாள்தனம். அடுத்த நிமிஷமே ஸ்கிரீன்ஷாட்டைக் கொண்டுவந்து ஒட்டி, "அழிச்சுட்டாங்க பாருங்க!" என்று ஒருத்தர் கொண்டாடினார்.

விஷயம் தெரிந்து அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். சாப்பிட்ட கை ஈரம்கூடக் காயவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. நேராக சர்வீஸ் பிரிவின் பெரியவருக்குப் போன் போட்டாள்.

"சார், பண்டிகைதான், தெரியும். எனக்கும் பண்டிகைதான். இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஆள் போவாங்களா மாட்டாங்களா, அதை மட்டும் சொல்லுங்க. போவாங்கன்னு சொல்லிட்டுப் போகலன்னா, நானே ஸ்பானரை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

போவார்கள் என்று பதில் வந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தாள்.

"ஐயா, சற்று முன் எங்கள் பக்கத்திலிருந்து உங்களுக்கு வந்த பதில் தவறு. அதைச் சத்தமில்லாமல் அழித்தது இன்னொரு தவறு. இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறோம். கையால் அலசுவதற்காக யாரும் எங்களிடம் மெஷின் வாங்குவதில்லை. இன்று மாலை ஐந்து மணிக்கு எங்கள் ஆள் உங்கள் வீட்டில் இருப்பார். விவரத்தை மெசேஜில் அனுப்பியிருக்கிறோம். மெஷின் ஓடியதும் இங்கேயே வந்து கேட்போம்."

அவ்வளவுதான். ஒரு விளக்கம் இல்லை, ஒரு சாக்கு இல்லை. கேலி பேசியவர்கள் ஒருத்தருக்கும் பதில் போடவில்லை. அரை மணியில் கேலி அடங்கிவிட்டது. எதிர்த்துப் பேச ஆள் இல்லாவிட்டால் சண்டைக்காரனுக்கும் பசிக்கும்தானே, சாப்பிடப் போய்விட்டார்கள்.

முதலாளி வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. "மேனேஜர் கேக்கறாரு. யார் எழுதினது?"

"நான்தான் சார் எழுதினேன்" என்றாள் அக்கா.

பொய் இல்லை. எழுதியது அவள்தான். ஒட்டினது நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. நாளைக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

"அக்கா..." என்றேன்.

அவள் திரும்பினாள். எருமை, கழுதை, எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் சிரித்தாள்.

"பரவாயில்லைங்க. உங்க உதவிக்கு ரொம்ப நன்றி. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறேன்."

அடப்பாவி! எனக்கு வெளியில கட்டம்! பத்து வருஷத்தில் முதல் முறையாக என்னை 'ங்க' போட்டுப் பேசினாள். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஆறரை மணிக்கு மீசைக்காரர் எழுதினார். கூடவே காலியான பக்கெட்டின் படம். "மெஷின் ஓடுது. நன்றி. அந்த முதல் பதிலை எழுதினவங்களைத் திட்டாதீங்க. எங்க வீட்டுலயும் பத்து நாளா அதையேதான் சொல்றாங்க." அக்கா அதற்கு, "வீட்டில் எல்லோருக்கும் எங்கள் பண்டிகை வாழ்த்துகளைச் சொல்லுங்கள் ஐயா" என்று எழுதிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வரேங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் லிஃப்ட்டில் அவள் குரல் கேட்கவில்லை. சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்து மேசையைத் துடைத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோவதற்காக டிராயரிலும் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் இருந்ததையெல்லாம் ஒரு பையில் போட்டாள். டிபன் டப்பா, சீப்பு, பையன் வரைந்த படம். அந்தப் படத்தை அவள் மடித்தபோது நான் எழுந்து முதலாளி அறைக்குப் போனேன்.

"சார், ஒட்டினது நான். மறைச்சு வச்சிருந்ததைத் திறந்தது நான். அழிச்சதும் நான். அவங்க அப்ப வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. விலகணும்னா நான்தான் விலகணும்."

முதலாளி என்னை அரை மணி நேரம் நிற்கவைத்துக் காய்ச்சினார். பிறகு மேனேஜருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னார். மேனேஜர், காலி பக்கெட் படத்தைத் தன் பெரிய அதிகாரிக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டாராம். அக்கா இருக்கலாம். படம் போடுகிறவன் மட்டும் இனிமேல் அந்தப் பக்கத்தைத் தொடவே கூடாது. அடுத்த பண்டிகைப் படத்தை நான் ராப்பகலாக மாற்றிக் கொடுக்க வேண்டும், அதுவும் எத்தனை தடவை கேட்டாலும்.

வெளியே வந்தேன். பையன் வரைந்த படம் மறுபடி மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. முதலாளி அறையின் கண்ணாடிச் சுவர் வழியாக அக்காவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். என் கம்ப்யூட்டரில் அந்த ஷீட் திறந்திருந்தது. கடைசியில் ஒரு புது வரிசை. பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'பக்கத்து மேசை எருமை' என்று இருந்தது.

மனசுல கட்டத்தில் இருபத்து மூன்று வரி. என் கண், என் கை, என் மூளை, என்னைப் பெற்றபோது ஆஸ்பத்திரியில் மாற்றிவைத்தார்களா என்ற சந்தேகம், ஒன்றையும் விடவில்லை. கடைசி வரி, "நேத்தே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடா?"

வெளியில கட்டத்தைப் பார்த்தேன். காலியாக இருந்தது.