தேடினால் அகப்படாத தலைப்பு

தலைப்பை முடிவுசெய்த அன்று அறையில் மூன்று பேர் இருந்தோம். எங்கள் தகவல் நிலையத்தின் இணைப்பாளர், இணையப்பக்க வடிவமைப்பைப் பார்க்கும் அக்கா, நான். அந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்க வேண்டியவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. தோட்டவெளிக் கிராமத்தில் இருக்கும் என் சின்னம்மாவும் இல்லை.

மன்னார் நகரத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் நிலையம். அரச உதவித் திட்டங்களைப் பற்றி ஊர்ச் சனங்களுக்கு விளங்கும்படி தமிழில் எழுதி இணையத்தில் போடுவது எங்கள் வேலை. யார் விண்ணப்பிக்கலாம், என்னென்ன பத்திரம் வேண்டும், எங்கே கொடுப்பது. அவ்வளவுதான். எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான் என்பதால், நான் எழுதினால் எல்லாருக்கும் விளங்கும் என்று நானே நம்பியிருந்தேன்.

வசதி குறைந்த குடும்பங்களுக்கான மாதக் கொடுப்பனவுக்கு மறுபடி விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். பக்கம் முழுவதையும் எழுதி முடித்துவிட்டேன். தலைப்பு மட்டும் மிச்சம். நான் எழுதி வைத்திருந்தது இது: ‘இலங்கை அரசின் மாதக் காசு: யாருக்குக் கிடைக்கும், என்ன பத்திரம் வேணும்?’

இணைப்பாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தம்பி, இது அரசாங்க அலுவல். தேத்தண்ணிக் கடையில எழுதித் தொங்கவிடுற போர்ட் இல்லை."

"சேர், சனம் இப்பிடித்தானே தேடும்?"

"பிரதேச செயலகத்தில ஆரும் பாத்திட்டு, இதென்ன மாதக் காசு எண்டு கேட்டால் நீரே போய் மறுமொழி சொல்லுவீர்? சுற்றறிக்கையில உள்ள பேரைப் போடும்."

சுற்றறிக்கையில் இருந்தபடியே போட்டோம்: ‘நலன்புரி நன்மைகள் பெறுநர்களைத் தெரிவு செய்வதற்கான விண்ணப்பம் கோரல்: தகைமைகளும் சமர்ப்பிக்க வேண்டிய ஆவணங்களும்.’ அக்கா தன் போனில் அது எப்படித் தெரியும் என்று காட்டினாள். முதல் மூன்று சொல்லோடு வெட்டுப்பட்டு, பிறகு மூன்று புள்ளி.

"வடிவா இருக்கு சேர்," என்றாள் சிரிக்காமல். "தகைமையும் இல்லை, ஆவணமும் இல்லை. பெறுநர் மட்டும் நிக்கிறார்."

"உள்ளுக்குப் போய் வாசிப்பினம்," என்றார் அவர்.

சின்னம்மா தமிழ்நாட்டு அகதி முகாமில் கலியாணம் முடித்தவள். பிள்ளைகள் இரண்டும் அங்கே பிறந்தவை. சித்தப்பாவும் அங்கேதான் செத்தார். அதற்குப் பிறகு பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பி, நண்டு உடைக்கும் கொம்பனி ஒன்றில் நாட்கூலிக்குப் போகிறாள். பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, பிரஜாவுரிமை எல்லாவற்றையும் அலைந்து திரிந்து ஏற்கெனவே சரிசெய்து வைத்திருந்தாள். இந்த மாதக் கொடுப்பனவு கிடைத்தால் மூத்தவளைப் பள்ளியில் தொடர்ந்து வைத்திருக்கலாம். இல்லாவிட்டால் அவளும் நண்டு உடைக்கப் போக வேண்டும். இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவள் நேரத்துக்கு விண்ணப்பித்திருப்பாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

விண்ணப்பிக்கும் கடைசித் திகதி கழிந்த அடுத்த கிழமை, ஒரு பிளாஸ்டிக் பைலை நெஞ்சோடு அணைத்தபடி சின்னம்மா மேல்மாடிக்கு ஏறி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

"மோனே, எல்லா டாக்குமெண்டும் ரெடி. ஒண்ணு விடாம."

பைலைத் திறந்தேன். கிராம அலுவலரான விதானையாரிடம் வாங்கிய விண்ணப்பப் படிவம் அழகாக நிரப்பியபடி இருந்தது. அடையாள அட்டைப் பிரதி, மின்சாரப் பட்டியல், பிள்ளைகளின் சான்றிதழ்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தமிழ்நாட்டிலிருந்து கூரியரில் வந்த ஒரு தாள். விதவைச் சான்றிதழ்.

"இது எதுக்குச் சின்னம்மா?"

"எதுக்கா? இது இல்லாம எப்படிக் குடுப்பாங்க? போன்ல மைக்கை அமுக்கிக் கேட்டேன்டா. விதவைக்கு மாசப் பணம், தகுதி என்ன, என்ன டாக்குமெண்ட் வேணும்னு பேசினேன். டக்குனு வந்திச்சு. தமிழ்லதான் இருந்திச்சு, நல்லா விளங்கிச்சு. விதவைச் சான்றிதழ்னு முதல்ல போட்டிருந்தான். இங்க விதானைட்ட கேட்டா, அப்படி ஒண்ணு நாங்க குடுக்கிறதில்லை, அது தேவையில்லை எண்டான். அவனுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். அங்க இருக்கிற மச்சாள்ட்டச் சொல்லி ஆள் பிடிச்சு எடுத்தேன்."

அவள் போனை வாங்கி அதே கேள்வியை மறுபடி பேசச் சொன்னேன். பேசினாள். வந்தவை எல்லாம் தமிழ்நாட்டுத் திட்டங்கள். தகுதி, தேவையான ஆவணங்கள் என்று, அவள் முகாமில் இருந்த காலமெல்லாம் கேட்டுப் பழகிய சொற்களிலேயே தலைப்புகள். விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனேன். எங்கள் பக்கம் வரவேயில்லை. பெறுநர் என்றோ தெரிவு என்றோ கோரல் என்றோ சின்னம்மா தன் வாழ்நாளில் ஒருமுறையும் சொல்லியிருக்க மாட்டாள். தலைப்பில் இலங்கை என்ற சொல்கூட இல்லை.

இந்தக் கொடுப்பனவு விதவையா என்று பார்த்துக் கொடுப்பதல்ல. வீட்டின் நிலையைப் பார்த்துக் கொடுப்பது: வருமானம், சொத்து, வீடு, படிப்பு, நோய், வீட்டில் உள்ளவர்கள். அந்தத் தாள் இல்லாமலே படிவத்தைக் கொடுத்திருக்கலாம். இதையெல்லாம் என் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

"கடைசித் திகதி தெரியும்தானே சின்னம்மா?"

"தெரியும். அரைகுறையாக் குடுத்தாத் திருப்பி எறிவாங்கல்ல? முகாம்ல ஒரு பேப்பர் குறைஞ்சாலும் அன்னைக்கு நாள் போச்சு, பெயரும் போச்சு. ஒரு கிழமை பிந்தினாலும் முழுசாக் குடுப்போம்னு வச்சிருந்தேன்."

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீ கந்தோர்ல வேலை செய்யிற பிள்ளை. ஒவ்வொண்டுக்கும் வந்து நிண்டா உன்னை என்ன நினைப்பாங்க?"

செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விண்ணப்பம் வாங்கும் கருமபீடத்தில் இருந்தவர் நல்ல மனிதர். பைலை முழுக்கப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு அக்கா. ஆனா பதிவு பூட்டியாச்சு. கணினியில ஏத்தேலாது. எங்கட கையில ஒண்டுமில்லை."

"கொஞ்சம் பாருங்கோ ஐயா," என்றேன். அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். படிவம் வரவேண்டிய இடத்தில் ஒரு வரி அறிவித்தல் மட்டும்.

"மேன்முறையீடு?"

"அது விண்ணப்பிச்சவைக்குத்தானே தம்பி. இவ விண்ணப்பிக்கவே இல்லையே. திரும்பத் திறக்கேக்க வாங்கோ. எப்ப எண்டு எங்களுக்கும் சொல்லேல்லை."

சின்னம்மா அந்த விதவைச் சான்றிதழை எடுத்துக் கருமபீடத்தில் வைத்தாள். "இதையாவது வச்சுக்கங்க சார். அடுத்த தரம் தேவைப்படும்ல."

"இது தேவைப்படாது அக்கா," என்றார் அவர், தாளை மெதுவாக அவள் பக்கம் தள்ளியபடி.

பின்னேரம் இணைப்பாளரிடம் சொன்னேன். "சரி, நீர் சொன்ன தலைப்பையே போடும்," என்றார். அக்கா போட்டாள். அடுத்த நாள் முதல் ஆட்கள் அந்தப் பக்கத்துக்கு வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் எல்லாரும், விண்ணப்பம் முடிவடைந்தது என்று நான் மேலே சேர்த்திருந்த வரியை வாசித்துவிட்டுப் போனார்கள்.

மூத்தவள் இப்போது தாயோடு நண்டு உடைக்கப் போகிறாள். நான் தோட்டவெளிக்குப் போகும்போது அவள் என்னோடு வழமைபோலத்தான் கதைக்கிறாள். அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது. சின்னம்மா என்னைக் குறை சொல்லவில்லை. செலவை மட்டும் ஒருநாள் வாய்விட்டுக் கூட்டிப் பார்த்தாள்: அங்கே சான்றிதழ் எடுத்துக் கொடுத்த ஆளுக்கு, கூரியருக்கு, போட்டோப் பிரதிக்கு, வேலைக்குப் போகாத நாட்களுக்கு. பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபா.