எட்டாவது பந்தயம்

தேவகனி மெல்லக் கைதட்டி, உள்ளங்கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினாள். மேசையை விட்டு எழும்போது கைக்குள் எதுவும் இல்லை என்று இப்படிக் காட்டுவது கேசினோ டீலர்களின் வழக்கம். பதினைந்து ஆண்டுகள் உல்லாசக் கப்பல்களில் ரூலெட் சக்கரம் சுற்றிய கை அது. இப்போது ராஸ் அல் கைமாவில், இன்னும் திறக்காத ஒரு ஹோட்டலின் கேசினோவுக்கு ஆட்களைப் பழக்குகிறாள். பயிற்சியில் ஆட்டக்காரர்களாக உட்கார யாரையாவது கூட்டிவரச் சொல்வார்கள். இன்று தம்பி பெபினைக் கூட்டிவந்திருந்தாள், வேண்டுமென்றேதான். டைல்ஸ் கம்பெனி வேலையை விட்டு, வருகிற சர்வீஸ் பணத்தோடு கொழும்பு கேசினோவுக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தான் அவன்.

"செவப்புல பத்து வைப்பேன். போனா இருபது, பொறவு நாப்பது. என்னைக்காவது செவப்பு வந்துதானே ஆவணும்? வந்தா போனதெல்லாம் திரும்பி, மேல பத்தும் கெடைக்கும். இத்தன வருசம் சுத்துனியே, ஒனக்கு இது தோணலியாக்கா?"

"கப்பல்ல தெனமும் ஒருத்தனுக்குத் தோணும் மக்கா. உக்காரு."

பணத்துக்குப் பதில் பயிற்சிச் சில்லுகளில் இரண்டாயிரம் தந்தாள். ஒரு பந்தயத்துக்குக் குறைந்தது பத்து, அதிகபட்சம் ஆயிரம் என்று மேசைப் பலகை சொன்னது.

ஒரு மணி நேரம் பெபின் ராஜாவாக இருந்தான். பத்துப் பத்தாக இருநூறு சேர்ந்துவிட்டது. "ஏக்கா, ஒன் ஹோட்டலை எழுதி வாங்கிருவேன் போல!"

பிறகு கறுப்பு வந்தது. மறுபடி கறுப்பு. பூஜ்யம், அதற்கும் சிவப்பு தோற்கும். கறுப்பு, கறுப்பு. முந்நூற்று இருபதைத் தள்ளும்போது அவன் சிரிப்பு நின்றிருந்தது. கறுப்பு. அறுநூற்று நாற்பது. கறுப்பு.

எத்தனை முறை பார்த்திருந்தாலும் தேவகனிக்கு உடம்பு சிலிர்த்தது. பத்து எப்படி இப்படி ஊதிப் பெருகுகிறது! அந்தச் சின்ன வெள்ளைப் பந்துக்கோ முன்னால் என்ன விழுந்தது என்ற நினைப்பே இல்லை. ஒவ்வொரு சுற்றும் அதற்கு முதல் சுற்று.

"அடுத்து ஆயிரத்து இருநூத்தி எம்பது," என்றான். "ஆயிரத்துக்கு மேல போர்டு விடாதுல்லா."

"ஒனக்காக போர்டை எடுத்துட்டேன். வை."

எண்ணினான். மிச்சம் தொள்ளாயிரத்து முப்பது.

"போர்டு இருந்தா கோடீஸ்வரனும் நின்னுருவான். அது இல்லன்னா நம்ம பாக்கெட்டு நிப்பாட்டிரும்," என்றாள். "அந்த ஆயிரத்து இருநூத்தி எம்பதும் இருந்து, வச்சு ஜெயிச்சாலும், போனது போக மேல எவ்வளவு லாபம்?"

"பத்து." தன் குரலையே முதல்முறை கேட்பவன்போலச் சொன்னான்.

அவள் சக்கரத்தைச் சுழற்றிப் பந்தை விட்டாள். இருவரும் மூச்சைப் பிடித்துப் பார்த்தார்கள். விழுந்தது சிவப்பு. அவன் சொன்னது சரிதான், வரத்தான் செய்தது. மேசைத் துணியில் அவன் வைத்த சில்லு ஒன்றுகூட இல்லை.

பெபின் அந்தச் சிவப்பையே வெகுநேரம் பார்த்தான். பிறகு எழுந்து, அக்காவைப் போலவே கைதட்டி, உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான்.

"கலாஸ்க்கா, முடிஞ்சு. சாயங்காலம் டூட்டி இருக்கு, என்னைய பஸ்ல ஏத்தி விடு."

"யல்லா, போவோம்," என்றாள். சக்கரம் இன்னும் நின்றிருக்கவில்லை.